ஈரக்கல்லில் ஏறிய கோலம்

எங்கள் வழக்கப்படி, இறப்பு நிகழ்ந்த வீட்டு வாசலில் ஓராண்டுக்குக் கோலமிடுவதில்லை. அதை மீறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் தெருவை உயர்த்தும் பணியில் எங்கள் வாசற்கற்கள் அடுத்த வாரம் காங்கிரீட்டுக்குள் போய்விடும். அதற்குள், அந்தக் கற்களின்மேல் மறைந்த என் மனைவியின் கோலம் கிடக்கும் படம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அன்றாடம் கண்டதை எவரும் படமெடுத்து வைக்கவில்லை.

எஞ்சியது ஒன்றுதான்: குற்றாலத்துச் சாரல் விழாப் போட்டியில் அவள் தார்ச்சாலையில் இட்ட புள்ளிக்கோலத்தை, நேர் மேலிருந்து மகள் கைப்பேசியில் எடுத்த படம். அதையும் வெற்று வாசலின் படத்தையும் எடுத்துக்கொண்டு தென்காசியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

உரிமையாளர் கணினியில் தாரின் கருமையைக் கூட்டி, வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரியும்படி செய்து, வாசல் படத்தின்மேல் வைத்தார். கோலத்தின் உயரத்தைச் சற்று அமுக்கினார்.

"எப்படி இருக்கு சார்?"

"ஒட்டுன மாதிரி இருக்கு. தூரத்துப் புள்ளியும் பக்கத்துப் புள்ளியும் ஒரே அளவுல இருக்கே."

"வாத்தியாருல்லா, மார்க்கைக் குறைக்காம விடமாட்டிய!"

சிரித்துக்கொண்டே கோலத்தின் நான்கு மூலைகளையும் கற்களின் இணைப்புக் கோடுகளுக்கு இசைய இழுத்தார். நிலைப்படிப் பக்கத்து வரிசைகள் குறுகி நெருங்கின. பிறகு தரையின் கறுப்புவெள்ளை நகலைச் சற்று மங்கலாக்கி, அதன் ஒளி நிழலுக்கேற்பக் கோடுகளை நெளியச் செய்தார். கல்லின் குழிகளிலும் இடுக்குகளிலும் மாவு விட்டுப்போகவும் செய்தார்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் பொய்யாகவே இருந்தது. வெகுநேரம் பார்த்த பின்பே காரணம் புலப்பட்டது. கல் காய்ந்திருந்தது. தண்ணீர் தெளிக்காத வாசலில் யார் கோலம் போடுவார்கள்?

"தரையை வேற படம் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"சார், மூலையிலிருந்து மறுபடி இழுக்கணும்!"

"இழுங்க."

மறுநாள் விடியலில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். எதிர்வீட்டு அம்மாள் பதறி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, வாசல் தெளிக்கிய? கோலம் கீலம் போட்டுராதிய, வருசம் திரும்பலைலா!"

"போடலைம்மா. போட்டோதான்."

"ஈர வாசலையா?" என்று கேட்டாள்.

ஈரத்தில் கருத்த கல், புதிய படத்தில் கோலத்தை ஏற்றுக்கொண்டது. உரிமையாளர் புதிய தரைக்கேற்ப எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஈரம் பட்ட மாவு சற்றே கசியும் என்று நான் சொன்னதும் கோட்டின் விளிம்புகளை மென்மையாக்கினார். அச்சிடுவதற்கு முன் திரும்பினார்.

"சார், அம்மா படத்தையும் ஓரமா வச்சிரட்டுமா?"

"வேண்டாம். கோலம் போட்டு முடிச்சா உள்ள போயிருவா" என்றேன்.

அவர் அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.