ஹுஸ்னாவும் நூற்றிருபது பேரும்

இப் என்ற எங்கள் அரபு மலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஹுஸ்னா ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டர். நான் அவளுக்கு அடுத்த மேசை. அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே ரத்தம் கொதித்தது.

அவள் தங்கை விதாத்துக்குக் காதில் குரல்கள் கேட்கும். ஒரே ஒரு மாத்திரைதான் அவற்றை அடக்கியது. அது கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஆயிரத்தைந்நூறுக்குக் கீழே போனால் மாத்திரை நிற்கும். விதாத்துக்கு ஆயிரத்து முந்நூறு. மாத்திரை தொடங்குவதற்கு முன்பும் அதேதான். ஆனாலும் நிறுத்தினார்கள். எங்கோ குளிர்தேசத்து மனிதர்களை வைத்துப் போட்ட எல்லை அது. எங்கள் ஊரில் நல்ல திடகாத்திரமான பலருக்கே அவ்வளவு இருக்காது.

"நம்ம ஊர் எல்லை என்னன்னு தெரிஞ்சு, ஆஸ்பத்திரிக் கமிட்டி கையெழுத்துப் போட்டா மறுபடி ஆரம்பிக்கிறேன்" என்றார் மனநல டாக்டர்.

ஹுஸ்னா வேலையில் இறங்கிவிட்டாள். காய்ச்சல், மருந்து, கர்ப்பம் எதுவும் இல்லாத நூற்றிருபது பேரைத் தேடிப் பிடித்தாள். மதியத்துக்கு மேல் ஊரே போதை தரும் காத் இலையை மென்று கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், அதனால் எல்லோரையும் காலையிலேயே இழுத்து வந்தாள். எண்ணிக்கைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தினாள். இரு முனையிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை விட வேண்டும். நூற்றிருபதில் கீழிருந்து மூன்றாவது ஆள்தான் கீழ் எல்லை. ஆயிரத்து நூறு வந்தது.

கமிட்டித் தலைவர் டாக்டர் முக்பில் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? ஆயிரத்தைந்நூறுக்குக் கீழ பதினாலு பேர். இவங்க எப்படி ஆரோக்கியமானவங்க? எடுத்துடு."

"டாக்டர், உடம்பைப் பாத்துதானே ஆளை எடுத்தோம்? முடிவைப் பாத்து ஆளைத் தள்ளினா பழைய எல்லைதானே திரும்ப வரும்! அப்புறம் எதுக்கு இவ்வளவு பேர் கையில ஊசி குத்தினோம்?"

"எனக்குப் பாடம் எடுக்காதே."

அவரே பதினாலு பேரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அடுத்த வாரம் கமிட்டி கூடியது. அவரே எழுந்து சொன்னார்: "நூத்தியாறு பேர்தான் இருக்காங்க. குறைஞ்சது நூத்திருபது வேணும். மறுபடி முதல்லேருந்து செய்."

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஹுஸ்னா கத்தினாள், கெஞ்சினாள். கமிட்டிக்காரர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று அவளோடு நானும் வீட்டுக்குப் போனேன். விதாத் எல்லா ஜன்னல்களையும் கம்பளியால் மூடியிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாங்களா அக்கா?"

"இல்லம்மா. இன்னும் நூத்திருபது பேர் வேணுமாம். ஆரோக்கியமானவங்களா."

விதாத் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்க மெதுவா வரட்டும். இந்தக் குரலெல்லாம் அவங்க காதுலயா கத்துது?"