பதிவேட்டில் எரிந்த விளக்கு

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் அவரை வார்டில் எல்லோரும் ‘மீட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். ஏழு மாதங்களுக்கு முன், பள்ளிக்குப் பின்னாலிருக்கும் வளைவில், இருட்டில் வந்த வண்டியொன்று அவர் மனைவியை அடித்துப்போட்டது; அங்கேயே உயிர் போயிற்று. அவர் அழவில்லை, யாரோடும் சண்டைக்குப் போகவுமில்லை. அந்த வளைவில் ஒரு விளக்கு வேண்டுமென வார்டு கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

நகராட்சி நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடலாம் என்பதை வார்டுவாசிகளே முடிவு செய்வார்கள். எழுதித் தருபவற்றைப் பொறியாளர் சரிபார்ப்பார். தேறியவை வாக்குக்கு வரும். அதிக வாக்கு பெற்றதில் தொடங்கி, பங்கு தீரும்வரை வேலைகள் நடக்கும். ஆளுக்கு மூன்று வாக்கு, பட்டியலில் ஒட்ட மூன்று ஸ்டிக்கர். மூன்றும் வெவ்வேறு வேலைகளுக்கு. கணக்கெடுக்கப் போன வாசலிலெல்லாம் மீட்டர் வாக்குக் கேட்டுவைத்திருந்தார்.

வாக்களிப்பு நாளான ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வகுப்பறைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் விளக்கு இல்லை.

“அந்த எடத்துல லைட் ஏற்கெனவே இருக்குண்ணே” என்றார் பொறியாளர். “பதிவேட்டுல பாருங்க. நாப்பத்திமூணாம் கம்பம். எரியுதுன்னு போட்டிருக்கு.”

“கம்பமே இல்ல சார்.”

சந்தையில் கழிப்பறை கேட்டு எழுதியிருந்த காய்க்காரம்மா குறுக்கே புகுந்தார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. காய் விக்கிறவ சொல்றேன், எந்திரிச்சு நடந்து போய்ப் பாருங்க.”

தலைமை வகித்த கவுன்சிலரும் சிரித்துவிட்டார். இருபது தப்படி தூரம்தான்; எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். துருப்பிடித்த அடிக்கட்டை மட்டும் தரையில் இருந்தது. பொறியாளர் அங்கேயே நின்று பதிவேட்டைத் திருத்தினார்.

“ஆனா, இருந்த கம்பம் காணாமப் போச்சுன்னா அது புது வேலை இல்லண்ணே, பராமரிப்பு. இந்தப் பணத்துல செய்ய முடியாது.”

வகுப்பறைக்குத் திரும்பியதும், முப்பது நாளில் பராமரிப்புப் பிரிவு விளக்குப் போட வேண்டும், அடுத்த கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும் என்று கவுன்சிலர் தீர்மானம் எழுதவைத்தார்.

“அப்ப ஓட்டு?” என்று கேட்டார் மீட்டர்.

“தேவையில்ல. ஒரு புகார் எழுதியிருந்தாலே முடிஞ்சிருக்கும்” என்றார் பொறியாளர்.

மீட்டர் தலையாட்டினார். மாதம் ஒருமுறை அந்த வளைவைக் கடந்துதான் கணக்கெடுத்திருக்கிறார். எல்லாம் பகலில். அந்த அடிக்கட்டை கண்ணில் பட்டதா என்று யோசித்துப் பார்த்தார்; பட்டிருந்தது. அதற்குமேல் மனத்தில் எதுவும் எழவில்லை.

“மீட்டரண்ணே, கையில மூணு ஸ்டிக்கர் சும்மா இருக்கே. ஒண்ணைக் கழிப்பறைக்கு ஒட்டக் கூடாதா? காலைல கடை விரிச்சா மதியம்வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல நாங்க” என்றார் காய்க்காரம்மா.

அவர் ஒட்டினார். மற்ற வேலைகளை இரண்டுமுறை படித்தார்: பூங்காச் சுவர், நூலகக் கூரை, நடைபாதை. எதற்கும் கை போகவில்லை. மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டுமென்றார் மேசையிலிருந்த கமிட்டி எழுத்தர். இரண்டு ஸ்டிக்கர்களையும் மேசையில் வைத்துக் கையெழுத்திட்டு வெளியே வந்தார்.