கழுத்துக்கு மேலே இன்னொருவர்

நான் செய்யாத ஒரு மோசமான வேலைக்காக அட்டன் நகரம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கல்லூரியில் ஆங்கிலமும் இரசாயனமும் கற்று, அரசாங்க உத்தியோகத்துக்குப் போகாமல், இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அட்டனில் ஒரு படப்பிடிப்பு நிலையம் வைத்தவன் நான். "படிச்சுப்போட்டு மூஞ்சி படம் புடிக்கிறானாம்" என்று உறவினர்கள் பேசியது என் காதுக்கு வந்ததுண்டு. ஆகவே என் கையிலிருந்து வெளியே போகும் எந்தப் படத்திலும் குற்றம் காண இடம் வைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். ஒவ்வொரு படத்தின் அட்டையிலும் வலது மூலையில் என் நிலையத்தின் முத்திரை பதிந்திருக்கும். எனக்கு அந்த முத்திரை கையெழுத்துக்குச் சமம்.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு தோட்டத்தின் துரை சீமைக்குத் திரும்பும் முன், உத்தியோகத்தர்கள் எல்லோரும் அவரோடு ஒரு குழுப்படம் எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். பனி மூட்டமான காலையில் தேயிலைத் தொழிற்சாலையின் முன்னால், பெரிய கண்ணாடித் தகட்டில் அந்தப் படத்தை எடுத்தேன். நடுவில் துரை. அவருக்கு வலப்பக்கம் அலுவலகத் தலைவரான பெரிய கிளாக்கர், இடப்பக்கம் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர், பின்வரிசையில் மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கும் மற்றவர்களும். அதைப் பழுப்பு நிறமேற்றி, சட்டமிட்டு, தோட்ட அலுவலகத்தில் மாட்டினார்கள்.

சில மாதங்களில் அந்த டீமேக்கர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழிற்சாலை விறாந்தையில் தொழிலாளர் கூட்டம் கூட இடம் கொடுத்தார் என்பது குற்றம். அவருடைய இடத்துக்கு வந்தவர் பெரிய கிளாக்கரின் மருமகன். துரையோ கப்பலேறிவிட்டார், அவரை மீண்டும் உட்கார வைத்துப் படமெடுக்க வழியில்லை. சீமைத் துரையின் பக்கத்தில் தன் மருமகன் அமர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையில், பெரிய கிளாக்கர் அந்தப் படத்தை வேறோர் ஊருக்குக் கொண்டுபோய், எவனோ ஒருவனைக்கொண்டு பழைய டீமேக்கரின் முகத்துக்கு மேல் புதியவரின் முகத்தை ஒட்டச் செய்தார். அதைப் பிரதி எடுத்து, என் முத்திரை பதிந்த பழைய அட்டையிலேயே ஒட்டித் திரும்ப மாட்டிவிட்டார்.

எனக்கு இது தெரிய வந்தது, புதிய டீமேக்கர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் நிலையத்துக்குள் நுழைந்தபோதுதான்.

"என்னங்க இது? என் மூஞ்சிய தபால் முத்திர மாதிரி ஒட்டி வச்சிருக்கீங்க! ஆபீசுக்கு வர்றவன் போறவன் எல்லாம் நகத்தால சுரண்டிப் பாக்குறானுங்க!"

"இது என் வேலை அல்ல" என்றேன்.

"மூலையில என்ன இருக்குன்னு பாருங்க. ஒங்க சீலுதானே? கண்டாக்கு என்ன சொல்றாரு தெரியுமா? 'தண்ணி படாம பாத்துக்கங்க டீமேக்கரே, தல கழண்டுறப் போகுது'ங்கிறாரு. கட வீதியிலகூட இதே பேச்சுதாங்க."

படத்தை வாங்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முகம் கொதித்தது. பொய் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? அந்த முகம் ஊர் நிலையமொன்றில் விளக்கு வைத்து எடுக்கப்பட்டது. மூக்கின் வலப்புறத்தில் கரிய நிழல் விழுந்திருந்தது. சுற்றியிருந்தவர்களின் முகங்களிலோ பனிக்கால வெளிச்சம். எவர் மூக்குக்கும் நிழலே இல்லை. தாடையை ஒட்டிக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தான். வெட்டிய காகிதத்தின் தடிப்பு, பிரதி எடுக்கும்போது ஒரு பக்கம் வெள்ளைக் கோடாகவும் மறுபக்கம் கறுப்புக் கோடாகவும் பதிந்துவிட்டது. மனிதனின் கன்னத்துக்கு எங்கே கோடு இருக்கிறது? கன்னம் மெல்லத் திரும்பிப் பின்புலத்தில் கரையும். கத்தி வைத்தாற்போல் முடியாது.

அது மட்டுமா! சிறிய அடையாளப் படத்தைப் பெரிதாக்கியதால் அந்த முகமெங்கும் ரவை கொட்டினாற்போல் பொடிப்பொடியாகத் தெரிந்தது. பெரிய தகட்டில் எடுத்த மற்ற முகங்கள் பால் ஆடைபோல் வழவழப்பாக இருந்தன. நிறமும் பொருந்தவில்லை. பிரதியில் மற்றவர்கள் வெளிறிய சாம்பல். இவர் மட்டும் அடர்ந்த கறுப்பு. அதை மறைக்க மேலே பழுப்புச் சாயம் பூசியிருந்தான், அது திட்டுத்திட்டாக நின்றது. காரணத்தைச் சொல்லத் தெரியாவிட்டாலும், இவற்றில் ஒன்று பிசகினாலே பார்ப்பவனின் கண் தடுக்கி நிற்கும். இங்கே நான்கும் பிசகியிருந்தன.

மறுநாள் பெரிய கிளாக்கரே வந்தார். "வேற எடத்துல செஞ்சதுன்னு யாருகிட்ட போய்ச் சொல்லப் போறீங்க? அட்ட ஒங்களுது. ஊரு நம்பாதுங்க. நீங்களே ஒருக்கா சரியா செஞ்சு குடுத்திடுங்க. ஒங்க பேரும் நிக்கும், எங்க மானமும் நிக்கும்."

அப்போதே அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பொய்யைவிட, அந்தப் பொய் என் பெயரில் அலங்கோலமாகத் தொங்குகிறது என்பதே என்னை அதிகம் சுட்டது. இந்த வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை அட்டனுக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பனி இறங்கும் ஒரு காலைக்காகக் காத்திருந்து, புதிய டீமேக்கரை அதே தொழிற்சாலை வாசலில், அதே உயரத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அதே காமிரா, அதே தூரம், அதே அளவுத் தகடு. முகத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவையில்லாதபோது, படத்தின் பொடியும் மற்றவற்றோடு ஒத்துப்போகும். என்னிடமிருந்த பழைய தகட்டையும் இந்தப் புதிய தகட்டையும் ஒரே வகைக் காகிதத்தில், ஒரே கரைசலில் அச்சிட்டேன். முகத்தைத் தாடையோரம் வெட்டாமல் கழுத்தோடு சேர்த்து எடுத்து, கோட்டின் கழுத்துப்பட்டி வரை கொண்டுவந்தேன். ஏற்கெனவே ஓர் ஓரம் இருக்கும் இடத்தில் இன்னோர் ஓரத்தைக் கண் தேடாது. தலைமுடிக்குப் பின்னால் தொழிற்சாலையின் இருண்ட கதவு இருந்ததால் அங்கும் வசதி. பிறகு வெட்டிய காகிதத்தின் முதுகை, விளிம்பு வெங்காயச் சருகுபோல் ஆகும்வரை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தேன். பசை தடவிப் பொருத்தி, பாரம் வைத்து அழுத்தி, காய்ந்த பின் நீர்த்த மையில் தூரிகை நுனியைத் தொட்டு, விளிம்பின் இரு பக்கமும் புள்ளி புள்ளியாக வைத்து ஒன்றோடொன்று கலந்தேன்.

அதன் பின் இரண்டு பக்கமும் சமமான விளக்குகளை வைத்து, எந்த விளிம்பும் நிழல் போடாதபடி, முழுப் படத்தையும் புதிய தகடொன்றில் பிரதி எடுத்தேன். இப்போது துரைக்கும் மருமகனுக்கும் மேல் ஒரே தகட்டின் பொடி ஒரே போர்வையாகப் படிந்துவிட்டது. கடைசியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தகக் கரைசலில் முழு அச்சையும் ஒன்றாக முக்கிப் பழுப்பேற்றினேன். முகத்துக்கு ஒரு நிறம், கோட்டுக்கு ஒரு நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எங்கங்க ஒட்டுனீங்க?" என்று கேட்டார். படத்தைச் சட்டத்துக்குள் வைத்து மூடிக் கொடுத்தேன். அன்று எனக்கிருந்த பெருமிதத்தை மறைப்பதில் பயனில்லை.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். மாமனும் மருமகனும் சேர்ந்தே வந்தார்கள். மருமகனின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"இப்ப பொம்பளைங்க சிரிக்கிறாங்க" என்றார். "தொழிற்சாலையில எல பொறுக்குறவங்க நேத்து சம்பளத்துக்கு ஆபீஸ் பக்கம் வந்தாளுங்க. படத்தப் பாத்துட்டு ஒருத்தி கேக்குறா, 'டீமேக்கர் ஐயா, படத்துல வெரலு பாதிதான் இருக்கு, ஆளுக்கு முழுசா இருக்கே, தொர போறப்ப புது வெரலு குடுத்துட்டுப் போனாரா?'ங்கிறா. இன்னொருத்தி, 'இல்லடி, அது நம்ம பழைய ஐயா கையி. எல சுருட்டுற ரோலர்ல வெரலு போன அன்னைக்கு நான்தான் துணி கட்டிவிட்டேன்'ங்கிறா."

படத்தை எடுத்துப் பார்த்தேன். முழங்கால்மேல் வைத்திருந்த இடக்கையில், மோதிர விரல் நடுக்கணுவோடு நின்றிருந்தது. கழுத்தின் விளிம்பில் நாட்கணக்கில் குனிந்திருந்த நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"அதொண்ணும் பெரிய வேல இல்லயே ஒங்களுக்கு" என்றார் பெரிய கிளாக்கர், மிக இயல்பாக. "கழுத்தையே சேத்தவரு நீங்க. அந்த வெரலயும் கொஞ்சம் வளத்துவிட்டிருங்க."

என் வாழ்நாளில் அன்றைப்போல் நான் கோபப்பட்டதில்லை. துரையின் இயந்திரத்துக்கு அந்த மனிதர் கொடுத்த விரல் அது. வேலையைப் பறித்தார்கள், வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள், முகத்தை எடுத்தார்கள். முகத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். இப்போது அவர் இழந்ததையும் இழக்கவில்லை என்று ஆக்கச் சொல்கிறார்கள். செய்ய முடியாத வேலையல்ல அது. அரை நாளில் செய்திருப்பேன். அந்த எண்ணம்தான் என்னை உலுக்கியது.

"படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். "இனி உங்கள் தோட்டத்துப் படம் எதுவும் இங்கே வர வேண்டாம்."

"யோசிச்சுப் பேசுங்க. ஒட்டு வேல செய்யிறவருன்னு நாங்க வெளிய சொன்னா, கல்யாணப் படம் எடுக்கக்கூட ஒங்ககிட்ட ஆளு வராது."

"சொல்லுங்கள்" என்றேன். அவர் உண்மையைத்தான் சொல்லப்போகிறார் என்பது உறைத்தது.

பழைய டீமேக்கர் டயகமப் பக்கம் தங்கை வீட்டில் இருப்பதாகவும், உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் வேலை கேட்டிருப்பதாகவும் விசாரித்து அறிந்தேன். அவர் டீமேக்கராக இருந்ததே இல்லை, வெறும் உதவியாள் என்று பெரிய கிளாக்கர் அந்தத் தோட்டத்துக்கு எழுதியிருந்தாராம். முதலில் எடுத்த கண்ணாடித் தகட்டிலிருந்து ஓர் அச்சு எடுத்தேன். துரையின் இடப்பக்கத்தில் அந்த மனிதர் தம் சொந்த முகத்தோடு அமர்ந்திருந்தார்.

அச்சின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இதுவே நான் எடுத்த படம்; இதில் துரையின் பக்கத்தில் இருப்பவர் அன்றைய டீமேக்கர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் தொங்கும் படத்தை யாராவது காட்டி, இரண்டில் எது மெய் என்று கேட்டால்? அடுத்த வரியை எழுதப் பேனாவை மூன்று முறை எடுத்து, மூன்று முறை வைத்தேன். கடைசியில் எழுதினேன்: தோட்ட அலுவலகத்தில் உள்ள படத்தில் இவருடைய முகத்தை எடுத்துவிட்டு இன்னொருவர் முகத்தைப் பொருத்தியவனும் நானே.

அந்த அச்சை அவர் கைக்கே அனுப்பி வைத்தேன். அதைக் காட்டி அவருக்கு அந்த வேலை கிடைத்தது. பெரிய கிளாக்கரும் சொன்னபடியே செய்தார். பல தோட்டங்களின் உத்தியோகத்தர்கள் குழுப்படத்துக்கு வேறு நிலையம் தேடிப் போனார்கள். "முகம் மாற்றுகிற மனிதர்" என்று என்னைக் குறித்துப் பேசியவர்களை எங்கும் மறுக்கவில்லை. அவர்களில் எவரும் பெரிய கிளாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். அவர் ஓய்வு பெற்றபோது அவருக்கு மாலை போட்டார்கள்.