நண்பகலில் வெட்டிய கிளை

அவரை நான் முதலில் சந்தித்தது மூடிய கதவுக்கு இப்பால் நின்றுகொண்டுதான். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த அன்று, அடித்தள அறையின் உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"யாருங்க வெளியே? கைப்பிடி மறுபடியும் கழண்டுடுச்சு. கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

திறந்தேன். கையில் ஒரு கிளைத்துண்டோடு நின்றார். முனைவர் பட்டத்துக்கு ஆறாவது ஆண்டாக உழைப்பவர். மரத்துக்குள் புகும் காற்றுக்குமிழிகளை ஆராய்வதால் எல்லோருக்கும் 'குமிழி அக்கா'. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

"சந்தோஷம் தம்பி. இங்க உள்ளே வர்றது சுலபம். வெளியே போறதுக்குத்தான் கைப்பிடி இல்ல" என்றார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு தராசு, தண்ணீர்த் தொட்டி, நெளிந்த குழாய்கள். வளாகத்தின் உயரமான மரங்களிலிருந்து கிளை கொண்டுவந்து, அதன் வழியே நீரைச் செலுத்தி, எவ்வளவு கடக்கிறது என்று எடை போடுவார். பிறகு அழுத்தத்தில் நீரை ஏற்றி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், மரத்தில் நீர் ஏறும் நுண்குழாய்களான நாளங்களில் எத்தனை காற்றடைத்துக் கிடந்தன என்பதன் கணக்கு.

"எங்க ஊர்ல கிணத்து மேல வெச்ச மோட்டார் முப்பது அடிக்கு மேல இழுக்காதுக்கா. இந்த மரம் எப்படி இழுக்குது?"

"மோட்டார் தண்ணிய நேரா இழுக்கல. குழாய்ல இருக்கற காத்த எடுக்குது, வெளிக்காத்து தண்ணிய மேலே தள்ளுது. அந்தத் தள்ளலுக்கு ஒரு அளவு இருக்கு. மரத்துல தள்ளுறதே இல்ல. இலையில நீர் ஆவியாகிப் போகுது. போறது பின்னாடி இருக்கறதை இழுக்குது. தண்ணி தண்ணிய விடாது. முடியை விட மெல்லிசான குழாய்க்குள்ள, வேர் வரைக்கும் ஒரே கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. நடுவுல காத்து புகுந்தா அந்தக் கம்பி அறுந்துடும்."

அவருடைய ஆய்வின் உயிர், நண்பகல் அளவுகள். காலையில் அடைப்பு குறைவு. வெயில் உச்சியில் பாதி நாளங்கள் அடைத்துக்கிடந்தன. மாலையில் மறுபடி சரியாகிவிட்டன. மரம் தன்னைத்தானே பழுது பார்க்கிறது என்று வழிகாட்டிப் பேராசிரியர் கட்டுரையும் வெளியிட்டிருந்தார். இனி ஆய்வேட்டில் அவர் கையெழுத்துதான் பாக்கி.

ஒரு நண்பகலில், உயரத்துக் கிளையை அறுக்கும் வாள் பொருத்திய கொக்கித் தடியின் கயிறு சிக்கி, நினைத்த இடத்தில் அறுக்க முடியவில்லை. வழக்கமான குட்டைக் கிளைக்குப் பதில் என்னைவிட நீளமான கிளையோடு வந்தோம். அக்கா அலுத்துக்கொண்டே அதை நீர்த் தொட்டியில் கிடத்தி, வெட்டிய முனையிலிருந்து வெகுதூரம் தள்ளி நீருக்குள்ளேயே ஒரு துண்டு எடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார். அடைப்பே இல்லை.

"தராசு பழுதாக்கா?"

அதே கிளையில், வெட்டிய முனைக்கு அருகே ஒரு துண்டு எடுத்தார். பாதி அடைத்திருந்தது. நடுவில் எடுத்தது இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தது.

ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "தம்பி, அடைப்பு மரத்துல இல்ல. நம்ம வாள்ல இருந்திருக்கு. நண்பகல்ல உள்ள தண்ணி உச்சகட்டமா விறைச்சு நிக்குது. காத்துல வெச்சு அறுத்ததும் அது வெடுக்குன்னு பின்வாங்கி, காத்தை உள்ளே இழுத்துடுச்சு. நாம வழக்கமா எடுக்கற கிளை ஒரு நாளத்தோட நீளத்தை விடக் குட்டை. அதான் முழுக்க நிரம்பிடுச்சு. காலையிலயும் சாயந்தரமும் விறைப்பு குறைவு, அதான் அடைப்பும் குறைவு. இதையே மரத்தோட கதைன்னு எழுதிட்டேன்."

மறுநாளும், அடுத்த வாரமும், வேறு மரங்களிலும் அதே முடிவுதான்.

அக்கா கொண்டுபோன தாள்களைப் பேராசிரியர் புரட்டவே இல்லை. "தொட்டியில கிடக்கும்போது அடைப்பு தானா சரியாயிருக்கும்மா."

"அப்படின்னா வெட்டின பக்கமும் சரியாயிருக்கணுமே சார். ஒரே கிளை, ஒரே தண்ணி."

"கட்டுரை வெளியே போயாச்சு. இருக்கறதை அப்படியே கொடுங்க, நாளைக்கே கையெழுத்து. இல்லைன்னா முதல்லேருந்து ஆரம்பிங்க. உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுது, தெரியும்ல?"

அன்று மாலை அக்காவுக்கு அவர் அம்மாவிடமிருந்து வழக்கமான போன். எப்போது முடியும் என்ற அதே கேள்வி. "முடிஞ்ச மாதிரி இருந்ததும்மா. ஆனா கெட்டுப்போச்சு" என்றார்.

"அக்கா, பேசாம கொடுத்துடுங்க. யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்டா. நாளைக்கு எவனாவது வறட்சிக்கு மரம் தாங்குமா தாங்காதான்னு என் எண்ணை வெச்சுக் கணக்குப் போடுவான். நீ அந்த வாளியை எடு."

இப்போதும் அவர் அதே அடித்தள அறையில்தான் இருக்கிறார். காலையில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துவிட்டு, நண்பகலுக்கு இங்கே வந்துவிடுகிறார். நீளக் கிளைகளை நீருக்குள் வெட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார். கைப்பிடியை இன்னும் யாரும் மாற்றவில்லை. கதவு மூடாமலிருக்க நான் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். கையெழுத்து வரவில்லை.