பேச்சாளர்களைச் சந்திக்க விரும்பியவர்

கழுத்தில் தொங்கிய அட்டை அவரை ‘இளம் தன்னார்வலர்’ என்றது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்து, ஆலை மூடியதால் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்.

தொழில் மாநாட்டு அமைப்பாளர்களுக்கு அவர் அனுப்பிய குறிப்பு நேர்மையானது, கோளாறே அதுதான். ‘எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன். பேச்சாளர்களைச் சந்தித்து வேலை கேட்பதே என் நோக்கம்.’

“இப்படியா போட்டு உடைப்பே?” என்றார் கணவர்.

“பின்னே, சேவை செய்யத் துடிக்கிறேன்னு எழுதவா?”

அப்படி எழுதிய கல்லூரிப் பெண்ணுக்குத்தான் பேச்சாளர்கள் ஓய்வெடுக்கும் அறையில் வேலை கிடைத்தது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா,” என்றாள் ஒருங்கிணைப்பாளர். “பார்க்கணும்னு சொல்றவங்களை அந்த அறைக்குள்ள விட்டா, பேச்சாளர்களுக்குக் காபி குடிக்கக்கூட நேரம் இருக்காது. உங்களுக்குக் கார் நிறுத்துமிடம். எல்லாரும் அந்த வழியாத்தானே வரணும்.”

அது உண்மைதான். புதிதாக ஆலை தொடங்கியிருந்த முக்கியப் பேச்சாளர் தாமதமாக வந்து, கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“அரங்கம் எந்தப் பக்கம்மா?”

பையில் தன்விவரக் குறிப்பு இருந்தது. கணவரைப் பேச்சாளராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. பின்னால் நின்ற கார்கள் ஒலியெழுப்பின.

அன்று மாலை கணவர் கேட்டார்: “அவர்கிட்ட பேசினியா?”

“பேசினேன்.”

“என்ன சொன்னே?”

“இடதுபக்கம்னு.”

மாநாடு நடந்த இரண்டு நாளும் அவர் கார்களுக்கு வழிகாட்டினார்.