என் பூட்டும் நாத்தனாரின் பாடமும்

என் நாத்தனாரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அவள் கம்பம் ஏறிய கதையில்தான் ஆரம்பிப்பார்கள். மின்வாரிய வேலைக்கான தேர்வு அன்று வரிசையில் நின்ற ஆண்கள் பாதிக் கம்பத்திலேயே மூச்சு வாங்க, இவள் மட்டும் இடுப்புக் கயிற்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டாளாம். மேலேயிருந்து பயமே இல்லாமல் சிரித்தாளாம். மாமியார் இதைச் சொல்லும்போது கண் கலங்கும். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கிற சாக்கில் மறுபடி முதலிலிருந்து சொல்வார். அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதது அந்த வீட்டில் ஒரே ஆள்தான். அது நான்.

நானும் அதே தேர்வு எழுதியவள்தான். மதிப்பெண்ணும் அவளைவிடக் கூட. வேலை வந்தபோது மகள் வயிற்றில் இருந்தாள், கம்பம் ஏற முடியவில்லை. துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர் நாற்காலி கொடுத்தார்கள். அன்றிலிருந்து முள் ஆடுகிற மீட்டர்களையும் சிவப்பு பச்சை விளக்குகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பகுதிக்கே மின்சாரம் என் கையால்தான் போகிறது, நிற்கிறது. அதை யாரும் விருந்தாளியிடம் சொல்வதில்லை. போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு படம் வரைந்தாள், "நான் யாரைப் போல ஆக வேண்டும்" என்று. கம்பம், கம்பத்தின் மேல் அத்தை. கீழே ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு என்னை வரைந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அவள் வேலையில் கெட்டிக்காரி. ரப்பர் கையுறையை மாட்டுவதற்கு முன்னால் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி, காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்ப்பாள். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கையுறையைக்கூட அப்படித்தான் பார்ப்பாள். சாப்பிடும்போது நின்றுகொண்டே சாப்பிடுவாள், யாராவது கூப்பிட்டால் ஓட வசதியாக. கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சிரிப்பையும் மாமியார் மெச்சுவார். நான் சிரித்தால் பல் தெரிகிறது என்பார்.

புதிதாகச் சேர்ந்த லைன்மேன்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்க ஆள் தேடியபோது இன்ஜினியர் அவளைத்தான் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடப் போகிறார். பாடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் தேர்ந்தெடுத்தார்கள். கடைத்தெருவின் கடைசியில் இருந்த அதற்கு ஒரு கோளாறு. கம்பத்தில் லைனைத் துண்டிப்பதற்காக இருக்கிற ஏ.பி. ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினால் மூன்று பிளேடும் விலக வேண்டும். அங்கே இரண்டு விலகும், நடு பிளேடு ஒட்டிக்கொண்டே நிற்கும். அதை நம்பி யாரும் கை வைக்க முடியாது. அதனால் அந்த லைனையே என் நிலையத்தில் நிறுத்தி, பெர்மிட் வாங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அதாவது அவள் என்னிடம் வந்து கேட்க வேண்டும். எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

புதியவர்களை ஒரு கூட்டமாகக் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். என் மேசைக்கு முன்னால் நின்று பாடத்தை ஆரம்பித்தாள். என்னைக் காட்டி, "இவங்கதான் ஆபரேட்டர்" என்றாள். பேனலைக் காட்டி, "இது பேனல்" என்றாள். இரண்டும் ஒரே குரல். நான் பிரேக்கரை நிறுத்தினேன், அது உட்கார்ந்திருக்கிற சக்கர வண்டியை வெளியே இழுத்தேன், லைன் செத்துவிட்டதைப் பார்த்து அதை மண்ணோடு இணைக்கிற எர்த் ஸ்விட்சைப் போட்டேன், பூட்டினேன், ஆள் வேலை செய்கிறார்கள் என்ற பலகையை மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் விளக்கம் சொன்னாள். நான் செய்கிறேன், பேர் அவளுக்கு.

பெர்மிட் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல என் பேர் இருக்கு. வேலை முடிஞ்சதும் நான்தான் திருப்பித் தரணும். இன்ஜினியர் சொன்னாலும் சரி, அமைச்சர் சொன்னாலும் சரி, வேற யாரும் தரக்கூடாது."

அப்புறம் கம்பியில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற டிஸ்சார்ஜ் ராடைக் கையில் எடுத்தாள். கரண்ட் நிறுத்திய கம்பி வேறு, எர்த் செய்த கம்பி வேறு என்று ஆரம்பித்தாள். நிறுத்திய பிறகும் கேபிளில் மிச்சம் தங்கியிருக்கும், பக்கத்து லைனிலிருந்து ஏறும், ஏதோ ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுந்து மேல்பக்கம் முழு வோல்டேஜாக வந்து நிற்கும். அதனால் கீழ்ப்பக்க ஃபியூஸ்களையும் கழற்ற வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு இங்கே வைத்து, மறுபடி அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ராடின் எர்த் முனையை முதலில் மண்ணோடு இறுக்கிவிட்டு, பிறகுதான் மறுமுனையைக் கம்பியில் தொட வேண்டும். மூன்று கம்பியிலும், மேலும் கீழும். எடுக்கும்போது தலைகீழ், கம்பியிலிருந்து முதலில், மண்ணிலிருந்து கடைசியில்.

"ராடை எடுத்துட்டா அந்தக் கம்பில கரண்ட் இருக்குன்னே நினைச்சுக்கணும். அப்புறம் எதுக்காகவும் ஏறக்கூடாது" என்று முடித்தாள்.

ஒரு கண்ணாடிக்காரப் பையன் கை தட்டிவிட்டான். என் காதில் புகை வராத குறை.

அவர்கள் ஜீப்பில் ஏறிப் போனதும் நான் எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். எங்கள் வழக்கம் என்னவென்றால், வேலை முடிந்ததும் தெரிந்த குரல் போனில் சொல்லும், நாங்கள் லைனைப் போட்டுவிடுவோம், கையெழுத்து சாயந்திரம் வரும். எல்லோருக்கும் செய்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் செய்யப் போவதில்லை. வெயிலில் இவ்வளவு தூரம் வந்து, என் மேசை முன்னால் நின்று, முடிந்தது அண்ணி என்று சொல்லி, நான் பேனா கொடுக்கிற வரை காத்திருந்து கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கேவலமான ஆசைதான்.

மதியத்துக்கு மேல் போன் வந்தது. இன்ஜினியர்.

எல்லாம் முடிந்தது, ராடுகளை எடுத்தாயிற்று, ஆட்கள் இறங்கிவிட்டார்கள், நான் தெருமுனையில் வண்டியில் இருக்கிறேன், தண்ணீர் பம்ப் ஆட்கள் உயிரை எடுக்கிறார்கள், லைனைப் போடுங்கள் என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்.

"பெர்மிட் வாங்கினவங்க வந்து திருப்பித் தரட்டும் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்கள் நாத்தனார்தானே, சாயந்திரம் வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டு ஞாபகம் வந்ததும் எனக்கு இன்னும் ஏறியது. நான் முடியாது என்றேன். போன மாதம் போட்டீர்களே என்றார். போட்டேன்தான், இன்று போட மாட்டேன் என்றேன். எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பேன் என்று சத்தம் போட்டார். கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். அவள் எண்ணுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. திமிர், எடுத்தால் குறைந்தா போவாள் என்று திட்டிக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

அவள் வந்தாள். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். நான் நினைத்தபடியே என் மேசை முன்னால் நின்றாள், நினைத்தபடியே வேர்த்து வழிந்தது. பெர்மிட்டை மேசையில் வைத்தாள். பின்னாலேயே இன்ஜினியர் வந்து, யாரையும் பார்க்காமல் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்ஜினியர் உங்களுக்கு போன் பண்ணப்போ நான் மேல இருந்தேன் அண்ணி."

"ராடு?"

"எடுத்துட்டேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் இறங்கியாயிற்று. இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார். அப்போது அந்தக் கண்ணாடிக்காரன், நடு பிளேடு ஏன் ஒட்டிக்கொண்டது என்று ஒரு சந்தேகம் கேட்டான். நல்ல கேள்வி. எல்லோரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை, இதோ காட்டுகிறேன் என்று ஏறிவிட்டாள். போன் கீழே ஜீப்பில் இருந்தது. பிளேடு போய் மாட்டுகிற, லைன் பக்கத்துக் கவ்வைக் கையால் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாளாம்.

"காலைல அவ்வளவு பேசினியே. உனக்கு அறிவு எங்கடி போச்சு?" என்றேன். அவளை நான் அதுவரை டி போட்டுப் பேசியதில்லை.

"ராடு இல்லைனு தெரியும். அண்ணி பூட்டு இருக்கே, நான் போகாம அவங்க திறக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

நான் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். போன மாதம் வேறு ஒருவனுக்குத் திறந்த பூட்டு அது. என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்து ஒருத்தி கம்பத்தில் ஏறியிருக்கிறாள், நான் இங்கே அவளை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கச் சாவியை முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கடமைனு நினைக்காதே. உன்னை வெயில்ல இழுத்தடிக்கணும்னுதான் போடல" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணி" என்றாள். "உங்களுக்கு என்மேல கொஞ்சம் பிரியம் இருந்திருந்தா நான் இப்ப இல்ல."

பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். ஆட்களெல்லாம் கீழே நிற்கிறார்களா, யாராவது மறுபடி பாடம் நடத்துகிறார்களா என்று அவள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகுதான் பூட்டைத் திறந்தேன்.

அன்று சாயந்திரம் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் தப்பை ஒன்றுவிடாமல் அவளே சொன்னாள். அண்ணி இல்லையென்றால் என்னை மூட்டையாகக் கொண்டுவந்திருப்பீர்கள் என்றாள். நான் ஏன் லைனைப் போடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் மகள் என்னையே பார்த்தாள். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த பார்வை. அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, "தப்பை இப்படித் தானாவே ஒத்துக்க எவ்வளவு தைரியம் வேணும் இல்லம்மா?" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பாருங்கள், இதிலும் பேர் அவளுக்கே.

இப்போதும் அவள்தான் பாடம் எடுக்கிறாள், அந்த நாளையும் சேர்த்துச் சொல்லி. எனக்கு இப்போதும் எரிகிறது. வழக்கத்தை மட்டும் மாற்றிவிட்டேன், யார் போனில் சொன்னாலும் போடுவதில்லை, எவனாக இருந்தாலும் என் மேசைக்கு வர வேண்டும். அவள் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன். அவளும் நிற்பாள்.