நட்டில் போட்ட சிவப்புக் கோடு

நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எண்பதுகளில் சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து உபின் தீவு வரைக்கும் எலெக்ட்ரீசியன் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தீவுக்கு நகரத்து மின்சாரம் கிடையாது. பகலில் ஜெனரேட்டர் ஓட்டி இரண்டு லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றி, மாலையில் இன்வெர்ட்டரில் டிவி பார்க்கலாம் என்று காட்டியதே நான்தான்.

முதலில் மாட்டிக்கொடுத்தது கல்லுடைப்பு மேஸ்திரி வீட்டில். இரண்டே மாதத்தில் ஆள் அனுப்பிவிட்டார்.

"ஒரு வாரமா தினமும் சாயங்காலம் செத்துப்போகுதுண்ணே. பகல்ல ஃபேன் நல்லா ஓடுது. டிவி போட்டா கீன்னு கத்திட்டு நின்னுடுது," என்றார் மேஸ்திரி, நான் போனதும்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்தே, "பக்கத்து நாலு வீட்டுக்காரங்களும் இவர் சொல்லித்தான் உங்ககிட்ட வரலாம்னு இருந்தாங்க. இப்ப சிரிக்கிறாங்க லா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மீட்டரை எடுத்தேன். சும்மா இருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து இருபத்தைந்து வோல்ட் காட்டின. பேட்டரியில் குறையில்லை. இரண்டையும் இணைக்கும் குட்டைக் கேபிளின் இரு முனையிலும் மீட்டர் கம்பியை வைத்துக்கொண்டு டிவியைப் போடச் சொன்னேன். ஊசி மூன்று வோல்ட்டுக்குத் தாவியது. அங்கே ஊசி அசையவே கூடாது. இன்வெர்ட்டர் கத்தி நின்றது. ஒரு முனை தொட முடியாமல் சுட்டது.

நட்டு தளர்ந்திருந்தது. ஃபேனின் சின்ன இழுப்பைத் தாங்கிய இணைப்பு டிவியின் இழுப்பைத் தாங்கவில்லை.

என் வேலையில் நட்டு தளராது. முடுக்கியதும் என் மனைவியின் நகப்பாலிஷால் நட்டுக்கும் கேபிள் முனைக்கும் குறுக்கே ஒரு கோடு போடுவேன். இங்கே அந்தக் கோடு உடைந்து அரைச்சுற்று விலகியிருந்தது. நட்டின் விளிம்பில் ஸ்பேனர் கடித்த புதுப் பளபளப்பு.

"இதை யார் தொட்டது?"

"உங்க மச்சான்தாண்ணே. போன வாரம் பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வந்தாரு. 'அவரு வேலை ரொம்ப நாள் தாங்காது, நான் வேற செட்டு போட்டுத் தரேன்'னாரு."

என் மனைவியின் தம்பி. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

இன்வெர்ட்டரை அணைத்து, முனையைச் சுரண்டி, இறுக முடுக்கினேன். டிவி ஓடியது. மேஸ்திரி மனைவி சத்தத்தைக் கூட்டி, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி வைத்தார்.

மறுநாள் தேக்கா டீக்கடையில் மச்சான் எதிரே வந்து உட்கார்ந்தான். முன்பு நட்டில் நான் போடும் சிவப்புக் கோட்டைப் பார்த்து, "பேட்டரிக்கு மருதாணியா மாமா?" என்று கேலி செய்தவன். அது எதற்கென்று நான் சொன்னதில்லை. நகப்பாலிஷ் புட்டியை மேசையில் வைத்தேன்.

புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அந்த ஒரு நட்டைத்தான் தளர்த்தினேன் மாமா," என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். புட்டியை அங்கேயே விட்டுவிட்டேன். மனைவிக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையது எங்கே என்று கேட்டதற்கு, தீவில் தொலைந்துவிட்டது என்றேன்.